பூசுவதற்கு முன் ஒரு இரவு

திருச்சியில் நான் கட்டிய வீட்டின் படுக்கையறையில், பீரோவுக்குப் பின்னால் உள்ள சுவர் முதலில் லேசாக உப்பு பூத்தது. பெயிண்டரைக் கூப்பிட்டேன். சுரண்டி, பட்டி பார்த்து, அடித்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் அதே இடம் கை வைத்தால் ஈரம் ஒட்டுகிற அளவுக்கு வந்தது. மறுபடி பெயிண்டர். மூன்றாவது முறைதான், சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. ஷவருக்குக் கீழே நான்கு டைல்ஸை உடைத்துப் பார்த்தபோது, பைப் திரும்புகிற இடத்தில் போடும் எல்போ ஒன்று தெரிந்தது. வந்த பிளம்பர் அதைப் பிடித்து லேசாக ஆட்டி இழுத்தார். கையோடு வந்துவிட்டது. பைப்பின் முனையில் மஞ்சள் சொல்யூஷன் பட்ட தடமே இல்லை. அளவு பார்க்கச் செருகி வைத்ததை, ஒட்ட மறந்து, அப்படியே பூசி மூடியிருக்கிறார்கள்.

அந்த எல்போ ஒட்டாமலே இரண்டு வருடம் தாங்கியது எப்படி என்பதுதான் எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது. வீடு கட்டும்போது, பூசுவதற்கு முன்னால், என் கண் முன்னாலேயே டேங்கைத் திறந்து தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். அரை மணி நேரம் நின்று பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அந்த அரை மணி நேரத்தை நம்பித்தான் மூடச் சொன்னேன்.

பதில் எளிதானதுதான். சிபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப்புக்கான ஃபிட்டிங்கின் வாய் உள்ளே போகப்போகக் கொஞ்சம் குறுகும். பைப்பை அழுத்திச் செருகினால் பாதியிலேயே இறுகிக்கொள்ளும். பத்து மீட்டர் உயரத்தில் தண்ணீர் நின்றால்தான் கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ பிரஷர். மொட்டைமாடி டேங்கிலிருந்து என் ஷவர் குழாய்க்கு நாலரை, ஐந்து மீட்டர்தான் உயரம் இருக்கும். அதாவது அரை கிலோ. அரை கிலோவுக்கு ஒட்டாத எல்போவும் விசுவாசமாக நின்றது. பிறகு ஷவரில் தண்ணீர் வேகமாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு பிரஷர் பம்ப் போட்டேன். அது இரண்டரை, மூன்று கிலோ கொடுத்தது. அதற்கப்புறம்தான் பீரோவுக்குப் பின்னால் உப்பு பூக்க ஆரம்பித்தது. மாதங்களை எண்ணிப் பார்த்தால் கணக்கு சரியாக வந்தது.

ஆகவே, போன வருடம் தஞ்சாவூரில் அம்மா இருக்கும் வீட்டின் மாடி பாத்ரூமைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டி வந்தபோது, ஒரே ஒரு பிடிவாதத்தோடு போனேன். பிரஷர் டெஸ்ட் செய்து, ஒரு இரவு முழுக்க அப்படியே வைத்துப் பார்க்காமல், பைப்புக்காகச் சுவரில் வெட்டிய காடியில் கலவை வைக்கக் கூடாது. எளிய பிடிவாதம்தான். ஆனால் அந்த ஒரு இரவு நான்கு நாட்களாக நீண்டதைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

பம்பும் ஊசியும்

பிளம்பர் முப்பது வயதுக்குள் இருக்கும் தம்பி. வேலை சுத்தம். காடியை நேராக வெட்டி, சுடுதண்ணீர் லைனையும் பச்சைத் தண்ணீர் லைனையும் முக்கால் இஞ்ச் சிபிவிசியில் இழுத்து, மிக்சர், ஷவர், கீசர், ஹெல்த் ஃபாசட், வாஷ்பேசின் பாயின்ட்டுகளுக்குப் பித்தளை உள்ள எல்போக்களைப் போட்டிருந்தார். பைப் மொத்தமாகச் சேர்த்தால் பதினெட்டு மீட்டர் சொச்சம். "டேங்கைத் திறந்து விட்ருவோம் சார், லீக் இருந்தா தெரிஞ்சிரும்" என்றார். எல்போ கதையைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "அப்ப பம்ப் வாடகைக்கு எடுத்துருவோம். ஆனா கொத்தனார் நாளைக்கு வர்றாரு" என்றார். கொத்தனாருக்கு ஒரு நாள் கூலி சும்மா போகும் என்பது அதற்குப் பொருள். சரி, போகட்டும் என்றேன்.

கையால் அடிக்கும் டெஸ்ட் பம்ப் பார்க்க விசேஷமாக ஒன்றும் இருக்காது. ஒரு தகரத் தொட்டி, ஒரு கைப்பிடி, ஒரு ஹோஸ், ஒரு மீட்டர். ஆனால் மீட்டர் எங்கே இருக்கிறது என்பது முக்கியம். அது பம்பின் மேலேயே இருந்தால், பம்புக்குள் உள்ள வால்வு கசிந்தாலும் ஊசி இறங்கும். பைப்தான் கசிகிறது என்று நாம் சுவரைத் தேடிக்கொண்டிருப்போம். அதனால் மீட்டரை லைன் பக்கம் ஒரு டீ போட்டு மாட்டச் சொன்னேன். பம்புக்கும் டீக்கும் நடுவே ஒரு பால் வால்வு. அடித்து முடித்ததும் அதை மூடிவிட்டால் பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாலும் மீட்டர் தன் பாட்டுக்குப் பைப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும்.

கீசருக்கான இரண்டு பாயின்ட்டையும் ஒரு கனெக்‌ஷன் ஹோஸால் இணைத்தால் சுடுதண்ணீரும் பச்சைத் தண்ணீரும் ஒரே லைன் ஆகிவிடும். ஒரு பம்பில் இரண்டையும் பார்த்துவிடலாம். முதலில் சாதாரண பிளாஸ்டிக் ஹோஸை மாட்டினார். இரண்டு கிலோவிலேயே அது பலூன் மாதிரி உப்ப ஆரம்பித்தது. கம்பிப் பின்னல் போட்ட ஹோஸ் வாங்கிவரச் சொல்லி மாற்றினோம். மற்ற எல்லா பாயின்ட்டிலும் டேப் சுற்றி, வாயை அடைக்கும் டம்மி. ஆங்கிள் காக், ஷவர் எதையும் மாட்டிச் சோதிக்கவில்லை. அவற்றின் வாஷர் கசிந்தால் அதுவும் ஊசியை இறக்கும், நமக்கு வேண்டாத குழப்பம்.

பக்கத்தில் நின்றிருந்த கொத்தனாரின் ஆள் ஒருவர், "பஞ்சர் கடை கம்ப்ரெசரக் கொண்டாந்து காத்து அடிச்சா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிருமே" என்றார். இதை மட்டும் யாரும் செய்யக் கூடாது. தண்ணீர் அவ்வளவாக அழுங்காது. பைப் எங்காவது உடைந்தால் ஒரு பீய்ச்சல், அத்தோடு பிரஷர் செத்துவிடும். காற்று அழுங்கி உட்கார்ந்திருக்கும். ஒரு ஃபிட்டிங் விட்டுப்போனால் அது விரிந்துகொண்டே பிளாஸ்டிக்கைச் சில்லுச் சில்லாக வீசும்.

அதே காரணத்துக்காகத்தான் பைப்புக்குள் காற்று தங்கவும் கூடாது. கீழே இருக்கும் ஹெல்த் ஃபாசட் பாயின்ட்டில் பம்பை மாட்டி, மேலே ஷவர் டம்மியைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொண்டு, மெதுவாக நிரப்பினோம். முதலில் புஸ் என்று காற்று வந்தது, அப்புறம் கொப்புளமும் தண்ணீரும் கலந்து வந்தது, கடைசியில் வெறும் தண்ணீர். அப்போது டம்மியை இறுக்கினோம். காற்று போய்விட்டதா என்பதைப் பம்பே சொல்லிவிடும். லைன் நிறைந்திருந்தால் சில அடியிலேயே ஊசி விறைப்பாக ஏறும். அடிக்க அடிக்க மெத்தையைக் குத்துவது மாதிரி இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது.

முதலில் இரண்டு கிலோ. பத்து நிமிடம் விட்டு எல்லா ஜாயின்ட்டையும் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒட்டாத எல்போ எதுவும் இருந்தால் இந்தக் கட்டத்திலேயோ அடுத்த கட்டத்திலேயோ பிய்த்துக்கொண்டுவிடும். அப்புறம் ஏழு கிலோ. ஏழு ஏன் என்று பிளம்பர் தம்பி கேட்டார். பிற்பாடு பிரஷர் பம்ப் வந்தாலும் மூன்று கிலோவுக்கு மேல் போகாது. அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலாக ஒருமுறை தாங்கிவிட்டால் எனக்குத் தூக்கம் வரும். நாங்கள் வாங்கியிருந்த எஸ்டிஆர் 11 வகை பைப் சாதாரணத் தண்ணீருக்கு 28 கிலோ தாங்கும், 82 டிகிரிச் சூட்டில் 7 கிலோ. ஏழு கிலோ பச்சைத் தண்ணீர் அதற்கு ஒரு பாரமே இல்லை. கடைசி ஜாயின்ட் ஒட்டி முழுதாக ஒரு நாள் ஆகியிருந்தது. ஒரு மணி நேரத்திலேயே அடித்துவிடலாம் என்று அவர் முதல் நாள் சொன்னதுக்கு நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்யூஷன் உள்ளே காய்வதற்குள் அழுத்தினால், நல்ல ஜாயின்ட்டையும் நாமே கெடுத்துவிடுவோம்.

மாலை ஆறு மணிக்கு ஊசி சரியாக ஏழில் நின்றது. பால் வால்வை மூடி, பம்பைக் கழற்றி, மீட்டரை போனில் படம் எடுத்துக்கொண்டேன். எந்த ஜாயின்ட்டிலும் ஈரம் இல்லை. "பாஸ் சார்" என்று சொல்லிவிட்டு தம்பி வண்டியை எடுத்தார்.

காலையில் நாலு புள்ளி ஆறு

மறுநாள் காலை ஆறு மணிக்கு மாடிக்குப் போனேன். ஊசி நாலு புள்ளி ஆறில் இருந்தது.

தரையில் ஈரம் இல்லை. ஜாயின்ட் ஒவ்வொன்றையும் விரலால் தடவினேன், காய்ந்திருந்தது. டிஷ்யூ பேப்பரைக் கிழித்து ஒவ்வொரு எல்போவிலும் சுற்றிப் பார்த்தேன், எதுவும் நனையவில்லை. எட்டு மணிக்கு தம்பி வந்தார். மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரி குளிர்ச்சிக்கு எறங்கும் சார். பிளாஸ்டிக் பைப்புல அப்படித்தான்" என்றார்.

இதை நான் சாக்கு என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதுதான் சிக்கல். பைப் சூடாக இருக்கும்போது அடித்து மூடிய தண்ணீர், குளிர்ந்தால் சுருங்கும். பைப்பும் சுருங்கும், ஆனால் தண்ணீர் அளவுக்கு இல்லை. அதோடு, புதிதாக அழுத்தம் ஏறிய பிளாஸ்டிக் முதல் சில மணி நேரம் மெல்ல விரிந்துகொடுத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் சேர்ந்தால் நாலைந்து டிகிரி இறங்குகிற ஒரு இரவில் ஒரு கிலோ வரை காணாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. மேற்குப் பார்த்த சுவர் அது. மாலை ஆறு மணிக்கு, நாள் முழுக்க வெயிலை வாங்கிய செங்கல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. அப்படியென்றால் இறங்கிய இரண்டரை கிலோவில் எவ்வளவு குளிர்ச்சி, எவ்வளவு கசிவு?

கொத்தனார் கீழே மணலைச் சலித்துக்கொண்டிருந்தார். அம்மா காபி கொண்டுவந்து, "என்னப்பா, ஒழுகுதா ஒழுகலையா?" என்றாள். இரண்டு பேரும் பதில் சொல்லவில்லை. எனக்கு அந்த நேரத்தில் 'குளிர்ச்சிதான்' என்று நம்பிவிட வேண்டும்போல இருந்தது. கண்ணுக்கு ஒரு சொட்டு தெரியவில்லை, நல்ல பிளம்பர், ஆள் காத்திருக்கிறார். முதல் வீட்டில் நான் நம்பியதும் இப்படிப்பட்ட ஒரு நேரத்தில்தான்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. குளிர்ச்சியால் இறங்கிய ஊசி, சூட்டில் ஏற வேண்டும். கசிவால் இறங்கிய ஊசி ஏறாது. மறுபடி அடிக்காமல், எதையும் தொடாமல், நாலு புள்ளி ஆறிலேயே விட்டுவிட்டு மத்தியானம்வரை பார்ப்போம் என்றேன். தம்பிக்கு இது நியாயமாகப் பட்டது. கொத்தனாரைக் கீழே போர்ட்டிகோ படியைப் பார்க்கச் சொல்லிவிட்டோம்.

பதினொரு மணி. வெயில் நன்றாக ஏறி, மொட்டைமாடி கால் வைக்க முடியாமல் கிடந்தது. பாத்ரூமும் புழுங்கியது. நியாயப்படி ஊசி ஐந்துக்கு மேல் போயிருக்க வேண்டும். நாலு புள்ளி ஒன்றில் இருந்தது. தம்பி மீட்டரையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இருக்கு சார்" என்றார்.

எவ்வளவு தண்ணீர்

இந்த இடத்தில் நான் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். முக்கால் இஞ்ச் பைப்பின் உள்விட்டம் சுமார் 18 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் பைப்பில் கால் லிட்டர் தண்ணீர் நிற்கும். பதினெட்டு மீட்டருக்கு நாலரை லிட்டர் சொச்சம். காற்று இல்லாமல் நிரம்பிய இந்தப் பைப்பில் ஒரு கிலோ பிரஷர் இறங்க எவ்வளவு தண்ணீர் வெளியே போக வேண்டும்? தண்ணீர் அழுங்குவதையும் பைப் உப்புவதையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ இரண்டு மில்லிலிட்டர். நாற்பது சொட்டு. பன்னிரண்டு மணி நேரத்தில் எங்கள் சுவருக்குள் போனது, குளிர்ச்சியின் பங்கைக் கழித்தால், ஒரு டீஸ்பூன்கூட இல்லை.

எதிரே இருப்பது செங்கல். மூன்று கிலோ எடையுள்ள நாட்டுச் செங்கல் ஊறினால் அரை லிட்டர் தண்ணீர் குடிக்கும். அதற்கு ஒரு டீஸ்பூன் நாக்கு நனைக்கவும் போதாது. நான் டிஷ்யூ பேப்பரோடு அலைந்தது ஏன் வீண் என்று அப்போது புரிந்தது. கண் தேடுவது ஒழுகலை. ஊசி காட்டுவது நாற்பது சொட்டை. அரை மணி நேரம் நின்று பார்த்திருந்தால் இந்த ஊசியும் ஒன்றிரண்டு கோட்டுக்கு மேல் அசைந்திருக்காது; மாலை ஆறரை மணிக்கு நான் பார்த்தபோது அசைந்ததாகவே தெரியவில்லை. பைப்பில் காற்று இருந்திருந்தாலும் ஏமாந்திருப்போம். உள்ளே சிக்கிய ஒரு டம்ளர் காற்று ஸ்பிரிங் மாதிரி விரிந்து, போன தண்ணீரின் இடத்தை நிரப்பி, ஊசியைத் தாங்கிப் பிடித்திருக்கும்.

ஆனால் ஊசிக்கும் ஒரு குறை உண்டு. இருக்கிறது என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது.

முதல் வேலையாகக் கீசர் ஹோஸைக் கழற்றி லைனை இரண்டாகப் பிரித்தோம். பச்சைத் தண்ணீர் பக்கம் ஏழு கிலோ அடித்து இரண்டு மணி நேரம் வைத்தோம், ஏழிலேயே நின்றது. சுடுதண்ணீர் பக்கம் அதே இரண்டு மணி நேரத்தில் முக்கால் கிலோ இறங்கியது. பாதி வேலை முடிந்த மாதிரி. சுடுதண்ணீர் லைனில் மொத்தம் பதினோரு ஜாயின்ட். எல்லாவற்றையும் துணியால் துடைத்து, மறுபடி ஏழுக்கு ஏற்றினோம். அம்மா எட்டிப் பார்த்து, "கோலமாவ தூவிப் பாரேன், ஈரம் பட்டா கறுத்துக் காட்டும்" என்றாள். கல் கோலமாவு ஒரு கிண்ணம் வந்தது. பிரஷ்ஷால் ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் தடவினோம். வெள்ளை வெளேரென்று பதினொன்றில் எட்டு தெரிந்தது. மற்ற மூன்றும் தெரியவில்லை, ஏனென்றால் அவற்றின் மேல் கலவை இருந்தது.

நான் அதுவரை கவனிக்காத விஷயம் இது. மிக்சர் பாயின்ட்டும் கீசர் பாயின்ட்டும் நகர்ந்துவிடக் கூடாது. இரண்டு இஞ்ச் தள்ளிப்போனால் மிக்சர் மாட்ட முடியாது. அதனால் பைப் இழுக்கும்போதே மட்டம் பார்த்து, எல்போவைச் சுற்றி ஒரு உருண்டை சிமெண்ட் கலவை வைத்து நிறுத்திவிடுகிறார்கள். எல்லா பிளம்பரும் செய்வதுதான். தப்பும் இல்லை. ஆனால் கசிய வாய்ப்பு அதிகமுள்ள ஜாயின்ட்டுகள் இவைதான்: பிளாஸ்டிக்கும் பித்தளையும் சேரும் இடம், டம்மியைப் போட்டு முறுக்கும் இடம். அவற்றை மட்டும் தேடித் தேடி மூடிவிட்டு, சந்தேகமில்லாத நேர் ஜாயின்ட்டுகளைத் திறந்துவைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம்.

தம்பி உளியை எடுத்து மூன்று உருண்டைகளையும் மெல்லத் தட்டி எடுத்தார். மிக்சரின் சுடுதண்ணீர் பாயின்ட்டில் கலவையின் உள்பக்கம் கருத்திருந்தது. பின்னால் செங்கல்லில் ஒரு ரூபாய்க் காசு அளவு ஈரம். துடைத்துக் கோலமாவு தூவினோம். ஐந்து நிமிடத்தில், பித்தளை வளையமும் பிளாஸ்டிக்கும் சேரும் விளிம்பில் முடி போல ஒரு கறுப்புக் கோடு, கால் வட்டத்துக்கு, மெதுவாக விழுந்தது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்த எல்போவில் பித்தளை மரையை உள்ளே வைத்து அதைச் சுற்றிப் பிளாஸ்டிக்கை வார்த்திருப்பார்கள். மரைக்குள் எதையாவது அளவுக்கு மீறி முறுக்கினால் பித்தளை தன் இருப்பிடத்தில் மயிரிழை அசைந்துகொடுக்கும். உடைந்த மாதிரி எதுவும் தெரியாது. தம்பியே சொன்னார்: "இந்த டம்மி கோணலாப் போச்சு சார், ரெண்டு தடவ கழட்டி டேப் ஜாஸ்தி சுத்திப் போட்டேன். பைப் ரிஞ்ச்ல இறுக்குனேன்." அவர் அதை மறைத்திருக்கலாம், மறைக்கவில்லை. கோணல் அவர் கையால் வந்ததா, வார்ப்பிலேயே இருந்ததா என்று யாருக்கும் தெரியாது.

இது டேங்க் பிரஷரில் என்ன செய்திருக்கும்? நேர்மையாகச் சொன்னால், வெகுநாள் ஒன்றும் செய்திருக்காது. அரை கிலோவுக்கு நாளொன்றுக்குச் சில சொட்டு, செங்கல் குடித்து ஆவியாக விட்டிருக்கும். ஆனால் அது சுடுதண்ணீர் பாயின்ட். தினமும் காலையில் சூடேறி, மத்தியானம் ஆறும். பித்தளை ஒரு அளவு நீளும், சிபிவிசி அதைவிட மூன்று மடங்குக்கும் மேல் நீளும். ஏற்கெனவே ஒன்றை ஒன்று விட்ட விளிம்பு அது. ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் தளர்ந்திருக்கும். எத்தனை வருடம் என்று தெரியாது. டைல்ஸ் போட்ட பிறகு ஆவியாகவும் வழியில்லை.

மறுபடி ஏழு

எல்போவை மட்டும் மாற்ற முடியாது, ஒட்டியது ஒட்டியதுதான். நாலு இஞ்ச் பைப்போடு வெட்டி எடுத்து, புது எல்போவும் ஒரு கப்ளரும் போட்டார். டம்மியைக் கையால் இறுக்கி, அப்புறம் ரிஞ்ச்சில் ஒரு சுற்றோடு நிறுத்தினார். இந்த முறை உருண்டைக் கலவை வைக்கவில்லை. பைப்பைக் கிளாம்ப் அடித்து நிறுத்தி, இரண்டு மிக்சர் பாயின்ட்டுகளையும் ஒரு துளை போட்ட இரும்புப் பட்டையில் சேர்த்துக் கட்டி மட்டம் வைத்தார். முன்பே இதைச் செய்திருக்கலாம் என்று அவரே சொல்லிக்கொண்டார். ஒரு நாள் காயவிட்டோம். கொத்தனார் போர்ட்டிகோ படியை முடித்துவிட்டு, மதில் சுவரின் வெடிப்புகளையும் அடைத்துவிட்டார்.

அடுத்த முறை மாலையில் அடிக்கவில்லை. காலை ஆறு மணிக்கு, சுவர் குளிர்ந்திருக்கும்போது, ஏழு கிலோ ஏற்றினோம். ஒரு மணி நேரத்தில் பிளாஸ்டிக் விரிந்துகொடுத்து ஆறே முக்காலுக்கு வந்தது. மறுபடி ஏழுக்கு ஏற்றி வால்வை மூடினோம். மத்தியானம் இரண்டு மணிக்கு ஊசி எட்டுக்குக் கிட்டே போயிருந்தது. முன்பு பார்க்காத அந்த ஏற்றத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மாலை இறங்கியது. மறுநாள் காலை ஆறு மணிக்கு, அதே குளிர்ச்சியில், ஆறு புள்ளி எட்டு. இருபத்து நான்கு மணி நேரத்தில் இரண்டு கோடு. அதை நான் பிளாஸ்டிக்கின் கணக்கில் எழுதிக்கொண்டேன். யாராவது ஆறு புள்ளி எட்டும் கசிவுதானே என்று கேட்டால், இன்னொரு நாள் விட்டுப் பாருங்கள் என்பேன். பிளாஸ்டிக்கின் விரிவு நாளுக்கு நாள் குறையும், கசிவு குறையாது. நாங்கள் விட்டுப் பார்த்தோம். ஆறு புள்ளி எட்டுதான்.

காத்திருந்த அந்த நாளில் கழிவுநீர்ப் பைப்பையும் பார்த்துவிட்டோம். அதற்குப் பம்ப் கூடாது. நாலு இஞ்ச் பைப் வெறும் சரிவில் ஓடுவதற்கானது, அதன் ரப்பர் ஜாயின்ட்டில் பிரஷர் ஏற்றினால் கழன்றுவிடும். வெளியே டவுன் பைப்பில் சேரும் இடத்தில் அடைப்பு வைத்து, தரை ட்ராப்பின் விளிம்புவரை தண்ணீர் நிரப்பி, பென்சிலால் கோடு போட்டோம். பக்கத்தில் ஒரு பக்கெட்டிலும் தண்ணீர் வைத்து அதே மாதிரி கோடு. காலையில் ட்ராப்பில் ஒரு நூல் இறங்கியிருந்தது. பக்கெட்டிலும் ஒரு நூல். ஆவியானதுதான். பக்கெட் இல்லாமல் இருந்திருந்தால் அந்த ஒரு நூலுக்கு நான் தரையை உடைக்கச் சொல்லியிருப்பேன் என்று தம்பி இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்.

பிறகு ஸ்கேல் டேப்பைச் சுவரில் பிடித்து, தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் ஒவ்வொரு பைப்பும் எத்தனை அங்குலத்தில் போகிறது என்று தெரிகிற மாதிரி நாலு சுவரையும் படம் எடுத்தேன். மீட்டரைக் கழற்றவில்லை. பிரஷரை மூன்று கிலோவுக்கு இறக்கிவிட்டு, அப்படியே பூசச் சொன்னேன். பூசும்போது கரண்டி படும், டைல்ஸ் ஆள் கொத்துவார், எலெக்ட்ரீஷியன் கீசருக்குக் காடி வெட்டுவார். எது பட்டாலும் அன்றைக்கே தெரிய வேண்டும். கொத்தனார் முதலில் முகம் சுளித்தார். இரண்டாம் நாள் வேலைக்கு வந்ததும் அவரே மீட்டரைப் பார்த்துவிட்டுத்தான் கலவை போட்டார். டைல்ஸ் ஒட்டி முடியும்வரை பதினோரு நாள் அது ஹெல்த் ஃபாசட் பாயின்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையில் இரண்டே முக்கால், மத்தியானம் மூன்றரை, காலையில் இரண்டே முக்கால்.

போன வாரம் அம்மா டவல் ராடு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே துளை போடலாம் என்று போனில் கேட்டாள். படத்தைத் திறந்து பார்த்தேன். ஷவர் பைப் மூலையிலிருந்து இருபத்திரண்டு அங்குலத்தில் மேலே போகிறது. முப்பதில் போடச் சொல் என்றேன்.